ஆறு மணிக்கு ஒரு தடவை

மருந்து பாட்டிலில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது: "6 மணிக்கு ஒரு தடவை." எழுதியவர் சொல்ல வந்தது ஆறு மணி நேர இடைவெளியில், அதாவது ஒரு நாளில் நான்கு முறை வரை. வாசிக்கிற அம்மாவுக்கு அது காலை ஆறு மணி, மாலை ஆறு மணி. வேறொருவருக்கு அது சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே ஒரு தடவை. மூன்று பேருமே தமிழைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள். நம் வீடுகளில் "நாலு மணிக்கு ஒரு தடவை குடு" என்று இடைவெளிக்கும் சொல்கிறோம், "நாலு மணிக்கு வா" என்று நேரத்துக்கும் சொல்கிறோம். எதிரில் நின்று பேசும்போது முகமும் குரலும் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். சீட்டில் முகம் கிடையாது.

மருந்துச் சீட்டுகளைத் தமிழாக்கும் வேலையில் இருப்பதால் இந்த "க்கு" என்ற ஒற்றை உருபோடு எனக்கு நெடுநாள் பழக்கம். மணிக்கு மட்டுமில்லை, நாளுக்கும் இதே கதைதான். "3 நாளைக்கு 1 மாத்திரை" என்பதை மூன்று நாள் தொடர்ந்து தினம் ஒன்று என்றும் எடுத்துக்கொள்ளலாம், மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்று என்றும் எடுத்துக்கொள்ளலாம். "நாளைக்கு 2 மாத்திரை" என்று மட்டும் இருந்தால் அது தினமும் இரண்டா, விடிந்தபின் நாளை இரண்டா என்றே சந்தேகம் வரும். அதனால் என் சீட்டுகளில் "மணிக்கு", "நாளைக்கு" இரண்டையும் நான் அனுமதிப்பதில்லை. இடைவெளி என்றால் "6 மணி நேரம் கழித்து". கால அளவு என்றால் "மொத்தம் 3 நாள்". கொஞ்சம் நீளும். நீளட்டும்.

ஆங்கிலத்தில் எழுதியிருப்பது தெளிவாக இருக்கிறது, தமிழுக்கு வரும்போதுதான் கெடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். 2006இல் அமெரிக்காவில் டெரி டேவிஸ், மைக்கேல் வுல்ஃப் முதலானோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று நகரங்களின் மருத்துவமனைகளுக்கு வந்த 395 பேரிடம் ஆங்கிலச் சீட்டுகளையே காட்டி வாசிக்கச் சொன்னார்கள். "இரண்டு மாத்திரை, தினம் இரண்டு முறை" என்ற சீட்டை, வாசிப்புத் திறன் குறைந்தவர்களிலும் நூற்றுக்கு 71 பேர் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டார்கள். சரி, ஒரு நாளைக்குரிய மாத்திரைகளை எடுத்து வையுங்கள் என்றபோது நான்கு மாத்திரை எடுத்து வைத்தவர்கள் அவர்களில் நூற்றுக்கு 35 பேர்தான்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் எங்கள் வேலை முழுவதும் இருக்கிறது. வாக்கியத்தைச் சரியாகச் சொல்ல முடிகிறது, ஆனால் மாத்திரையாக அது கைக்கு வரவில்லை. ஏன்? இரண்டை இரண்டால் பெருக்கும் வேலையை அந்தச் சீட்டு நோயாளியிடம் விட்டுவிட்டது. அந்த இரண்டு முறை எப்போது எப்போது என்று தீர்மானிக்கும் வேலையையும் விட்டுவிட்டது. அந்த வாக்கியத்தை அப்படியே "2 மாத்திரை, தினம் 2 வேளை" என்று தமிழாக்கினால் மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இருக்காது. ஆபத்தும் அப்படியே கூடவே வந்து சேரும்.

அதே ஆய்வாளர்கள் இருந்த வட்டத்திலிருந்துதான் நாளை நான்கு வேளையாகப் பிரித்து எழுதும் முறையும் வளர்ந்தது: காலை, நண்பகல், மாலை, படுக்கும் நேரம். எத்தனை முறை என்று சொல்லாமல், எந்த வேளைக்கு எத்தனை என்று சொல்வது. தமிழில் அது இப்படி வரும்:

காலை: 2 மாத்திரை
இரவு: 2 மாத்திரை

பெருக்கல் இல்லை, யோசனை இல்லை. நம் ஊர் மருத்துவர்கள் எழுதும் 1-0-1 என்பதும் ஒருவகையில் இதுதான், காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. பழகியவர்களுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. பழகாதவர் அதைத் தொலைபேசி எண்போலப் பார்ப்பார். சில மருத்துவர்கள் மாலையையும் சேர்த்து நான்கு இடம் விட்டு 1-0-0-1 என்று எழுதுவார்கள். மூன்று இடச் சீட்டும் நான்கு இடச் சீட்டும் ஒரே வீட்டில் இருந்தால், மூன்றாவது இடம் இரவா மாலையா என்பது யாருக்குத் தெரியும்? அதனால் அந்தக் கோடுகளைத் தமிழ்ச் சீட்டுக்கு நான் எடுத்துவருவதில்லை. வேளையின் பெயரை முழுதாக எழுதுகிறேன். இல்லாத வேளைக்குச் சுழியமும் போடுவதில்லை, அந்த வரியே இருக்காது.

வேளையின் பெயர்களிலும் ஒரு பிடிவாதம் வேண்டும். "காலை மாலை இருவேளையும்" என்பது நம் வாயில் தானாக வரும் தொடர். ஒரு சீட்டில் அப்படி எழுதி, அதே பையில் இருக்கும் இன்னொரு மருந்தில் "காலை, இரவு" என்று எழுதினால், வீட்டில் இருப்பவர் இரண்டு தனித்தனி நேரங்கள் என்றுதான் நினைப்பார். ஒன்றை ஆறு மணிக்கும் மற்றதை ஒன்பது மணிக்கும் கொடுப்பார். தினம் ஐந்தாறு தடவை மருந்து எடுப்பது முதியவர்களுக்குப் பெரிய பாரம், அதில் ஏதோ ஒன்று விட்டுப்போகும். ஒரு மருந்தகத்தின் எல்லாச் சீட்டிலும் ஒரே சொல்தான் இருக்க வேண்டும்.

இனி தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். கால் என்றால் நாலில் ஒரு பங்கு. காலை என்றால் விடியற்பொழுது. "கால் மாத்திரை", "காலை மாத்திரை" இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு புள்ளியும் ஒரு ஐகாரக் கொம்பும்தான் இரண்டையும் பிரிக்கின்றன. மருந்தகங்களில் இருக்கும் சின்ன வெப்ப அச்சு இயந்திரத்தில், தேய்ந்த அச்சுமுனையில், புள்ளி விழாமல் போவது மிகச் சாதாரணம். எழுத்துரு சரியாகப் பொருந்தாத கணினியில் ஐகாரக் கொம்பு லகரத்தை விட்டு விலகி வேறெங்கோ போய் நிற்கும். இரண்டுமே நடந்தால் இரண்டு சொல்லும் "கால" என்று ஒன்றாகிவிடும். குழந்தைக்குக் கால் மாத்திரை கொடுக்கச் சொன்ன இடத்தில் காலையில் ஒரு மாத்திரை போனால் அளவு நான்கு மடங்கு.

இதற்குப் பேச்சுத் தமிழிலேயே மருந்து இருக்கிறது: கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி. "கால்வாசி" என்று எழுதினால் புள்ளி போனாலும் பொருள் போகாது. அதோடு நான்காகக் கோடு கிழித்த ஒரு வட்டமும், அதில் ஒரு துண்டு மட்டும் கறுப்பாகவும் இருந்தால் எனக்கு நிம்மதி. ½ என்ற குறியை மட்டும் நம்பி விட மாட்டேன். அது 1/2 என்று அச்சாகி, "ஒன்றோ இரண்டோ" என்று வாசிக்கப்பட இடம் இருக்கிறது. ஆனால் உண்மையான தீர்வு சீட்டில் இல்லை. குறைந்த அளவில் அதே மாத்திரை கிடைக்குமா என்று மருந்தாளரைக் கேட்க வேண்டும். நாலாக உடைத்த மாத்திரை எந்த வீட்டிலும் சம பங்குகளாக உடைவதில்லை, நாளெல்லாம் மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகளை உடைக்கவே கூடாது.

இப்படி ஒரு மொழிக்குள் ஒளிந்திருக்கும் கண்ணிகள் எல்லா மொழியிலும் உண்டு. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி மருந்தகங்களில் கணினி தயாரித்த ஸ்பானியச் சீட்டுகளைப் பற்றி 2010இல் ஓர் ஆய்வு வந்தது. ஆராய்ந்த சீட்டுகளில் பாதியில் பிழை இருந்தது. மொழிபெயர்க்காமல் விட்ட ஆங்கிலச் சொற்கள் பல. ஒருமுறை என்பதற்கான ஆங்கிலச் சொல் "ஒன்ஸ்". அதே எழுத்துகளை அதே வரிசையில் ஸ்பானிய மொழியில் வாசித்தால் பதினொன்று. தினம் ஒருமுறை எடுக்க வேண்டிய மருந்து, அந்த ஒற்றைச் சொல் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டதால் தினம் பதினொன்று என்று வாசிக்கப்படும். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக இருக்கும் நம் சீட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

ஒரு சீட்டை முழுதாகச் செய்து பார்ப்போம். குழந்தையின் எடை 10 கிலோ. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சிரப், 5 மில்லியில் 125 மில்லிகிராம் மருந்து இருக்கும் வகை. மருத்துவர் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டு, தடவைக்கு 150 மில்லிகிராம், அதாவது 6 மில்லி என்று எழுதியிருக்கிறார். (இது எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் குழந்தைக்கான அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.) ஆங்கிலச் சீட்டைத் தமிழில் நேராகப் போட்டால் இப்படி வரும்:

6 மி.லி. 6 மணிக்கு ஒருமுறை எஸ்.ஓ.எஸ். 3 நாளைக்கு

ஒரே வரியில் இத்தனை பிழைக்கு வழி. "மணிக்கு", "நாளைக்கு" இரண்டும் வந்துவிட்டன. எஸ்.ஓ.எஸ். என்பது தேவைப்பட்டால் மட்டும் என்ற குறிப்பு. மருத்துவர்களுக்குள் பழகிய குறி அது, அம்மாவுக்கு அது ஒன்றும் சொல்லாது. அதனால் காய்ச்சல் விட்ட பிறகும் மூன்று நாள் மருந்து போகும். ஆறு என்ற எண் இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, ஒன்று அளவு, ஒன்று நேரம். "மி.லி." என்பதற்குப் பக்கத்து வரியில் "மி.கி." இருந்தால் ஓர் எழுத்துதான் வித்தியாசம். மைக்ரோகிராமைச் சிலர் "மை.கி." என்று சுருக்குவதையும் பார்த்திருக்கிறேன். அதற்கும் "மி.கி."க்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம், பார்வைக்கோ ஓர் உயிர்க்குறி. சுருக்கங்களை முழுதாக விட்டுவிடுவதே நல்லது.

இவை எல்லாம் எழுத்தில் உள்ள பிழைகள். எழுத்துக்கு வெளியே இன்னொன்று இருக்கிறது. சிரப் பாட்டிலின் மூடியோடு வரும் சின்னக் குவளையில் பெரும்பாலும் 2.5, 5, 7.5, 10 என்றுதான் கோடு இருக்கும். 6க்குக் கோடு கிடையாது. சீட்டு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வீட்டில் ஐந்துக்கும் ஏழரைக்கும் நடுவே கண்ணால் ஊற்றுவார்கள். "ஒன்றேகால் ஸ்பூன்" என்று எழுதுவது அதைவிட மோசம், வீட்டுக்கு வீடு ஸ்பூன் வேறு. அதனால் இந்தச் சீட்டோடு 10 மில்லி வாய்வழி சிரிஞ்சு ஒன்று கூடவே போக வேண்டும், கொடுக்கும் முன் அதில் 6 என்ற கோட்டில் பேனாவால் அடையாளம் போட வேண்டும். சீட்டு அந்தக் கோட்டைச் சுட்டும்:

காய்ச்சல் மருந்து
காய்ச்சல் இருந்தால் மட்டும் கொடுக்கவும்
ஒரு தடவைக்கு: 6 மில்லி (சிரிஞ்சில் கோடு போட்ட இடம் வரை)
அடுத்த தடவை: குறைந்தது 6 மணி நேரம் கழித்து
24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் வேண்டாம்
3 நாளுக்குப் பிறகும் காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் வரவும்
கொடுத்த நேரம்: ____ ____ ____ ____

கடைசி வரியில் இருக்கும் நான்கு வெற்றிடங்கள்தான் இந்தச் சீட்டில் எனக்குப் பிடித்த பகுதி. காய்ச்சல் குழந்தையை இரவெல்லாம் அம்மாவும் பாட்டியும் மாறி மாறிப் பார்ப்பார்கள். "நீங்க குடுத்தீங்களா அத்தே?" "பன்னெண்டு மணி வாக்குல குடுத்தேன்னு நினைக்கிறேன்" என்ற பேச்சு நடக்காத வீடு குறைவு. இரண்டு பேரும் கொடுத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. 24 மணி நேரம் என்பதை விளக்க முயன்றால் சீட்டில் இடம் போதாது. நேரத்தை எழுதிவைத்தால் விளக்கமே வேண்டாம், எத்தனை தடவை போயிருக்கிறது என்பது கண்ணெதிரே இருக்கும். இடம் போதாத மருந்தகங்கள் இந்த வரியைப் பாட்டிலின் பின்பக்கம் தனிச் சீட்டாக ஒட்டலாம்.

தினமும் இல்லாத மருந்துகளுக்கு வேளைப் பெயர்கள் போதாது. மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை முடக்குவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் வாரத்தில் ஒரே ஒரு நாள் கொடுக்கப்படுகிறது. 7.5 மில்லிகிராம் என்றால் 2.5 மில்லிகிராம் மாத்திரை மூன்றைச் சேர்த்து ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும். இதைத் தவறுதலாகத் தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். மருந்துப் பிழைகளைப் பற்றிப் பேசுகிற யாரும் இதைத் தாண்டிப் போக மாட்டார்கள். மற்ற எல்லா மாத்திரையும் தினமும் எடுக்கிற ஒருவருக்கு இதுவும் தினமும்தான் என்று கை பழகிவிடும். "வாரம் ஒருமுறை 3 மாத்திரை" என்பது சரியான தமிழ். ஆனாலும் "வாரம்" என்ற சொல்லைக் கண் தாண்டிவிட்டால் மிச்சம் இருப்பது ஒருமுறை மூன்று மாத்திரை. அதனால் கிழமையின் பெயர் முதலில், பெரிய எழுத்தில் வர வேண்டும். கூடவே எடுக்கக் கூடாத நாளையும் சொல்ல வேண்டும்:

புதன்கிழமை மட்டும்
புதன்கிழமை இரவு: 3 மாத்திரை சேர்த்து
மற்ற 6 நாளும் இந்த மாத்திரை கிடையாது

கிழமையை "பு", "வி" என்று சுருக்கவே கூடாது. திங்களைத் தவிர்க்கிறேன், அது மாதத்துக்கும் பெயர். ஆங்கிலத்திலும் திங்களை விலக்கச் சொல்வார்கள், அங்கே அதன் சுருக்கம் காலையைக் குறிக்கும் சொல்லாக வாசிக்கப்பட்டுவிடும். இந்த மருந்தோடு வழக்கமாகத் தரும் ஃபோலிக் அமில மாத்திரையும் பல நிறுவனங்களில் மஞ்சள் நிறமாக, சின்னதாகவே இருக்கும். இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுக்கக் கூடாது, இரண்டும் ஒரே கிழமையில் வராமல் பார்த்துக்கொள்ளும்படி மருத்துவரிடம் கேட்கலாம். சீட்டின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தால் நான் எழுதச் சொல்வது: "வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு வரவும்." அளவு மிஞ்சியதற்கு வீட்டில் முதலில் தெரியும் அடையாளம் அதுதான்.

உணவு பற்றிய வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "உணவுக்கு முன்", "உணவுக்குப் பின்" இரண்டும் சின்ன எழுத்தில் ஒன்றுபோலவே தெரியும், முன்னும் பின்னும் ஓரெழுத்து வித்தியாசம். "சாப்பிட்ட பிறகு" என்றும், "வெறும் வயிற்றில்" என்றும் எழுதினால் தோற்றத்திலேயே வேறுபடும். ஆனால் வெறும் வயிறு என்றால் பலருக்கு இட்லி சாப்பிடாத வயிறு, காபி அதில் சேராது. தைராய்டு மாத்திரைக்குக் காபியும் சேரும். "காலை எழுந்ததும், தண்ணீரோடு மட்டும். அரை மணி நேரம் காபி, டீ, சாப்பாடு எதுவும் வேண்டாம்" என்று விரித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எழுதி முடித்த சீட்டைச் சோதிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். "புரிஞ்சுதா?" என்று கேட்கவே கூடாது, எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்காகவாவது. காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு கிண்ணங்களை வைத்து, மாத்திரைக்குப் பதில் பட்டாணியைக் கொடுத்து, "அம்மா, இந்தச் சீட்டுல சொன்னபடி ஒரு நாளைக்குப் போட்டுக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். சிரப்பாக இருந்தால் தண்ணீரும் சிரிஞ்சும். வாரம் ஒருமுறை மருந்தாக இருந்தால் ஏழு கிண்ணம், ஆறு காலியாக இருக்க வேண்டும். அந்த மருந்தை முன்பின் பார்த்திராதவரைக் கேட்பது முக்கியம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் சீட்டை வாசிக்க மாட்டார், நினைவிலிருந்து போடுவார். எந்தக் கிண்ணத்தில் தயங்குகிறாரோ அந்த வரியைத்தான் மாற்றி எழுத வேண்டும், பிழையாகப் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தவர் ஒருவரை இப்படி உட்காரவைத்தால் இன்னொன்றும் தெரியவரும். அவருக்கு மாத்திரை என்பது குளிசை, கிழமை என்பது வாரம். "ஒரு கிழமைக்கு" என்றால் ஏழு நாள் தொடர்ந்து. கரண்டி என்றால் அவருக்கு ஸ்பூன், மதுரைக்காரருக்குக் குழம்பு ஊற்றும் கரண்டி. இரண்டு ஊருக்கும் ஒரே தமிழ்ச் சீட்டு போதும் என்று நினைப்பவர்கள் கிண்ணங்களை இரண்டு ஊரிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சீட்டால் தடுக்க முடியாத ஒன்று உண்டு. அந்தக் காய்ச்சல் சிரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 125 வகை தீர்ந்துபோய், கடையில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள பாட்டில் மட்டும் இருக்கிறது. பழைய சீட்டின் 6 மில்லி அதில் இரட்டிப்பு மருந்து, அதற்கு 3 மில்லிதான் கணக்கு. ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் அதே 6 மில்லி நான்கு மடங்கு, அங்கே 1.5 மில்லிதான் சரி. தமிழ் அப்போதும் பிழையில்லாமல்தான் இருக்கும். அதனால் அளவு எழுதிய வரியின் கீழே, எந்தப் பாட்டிலுக்கு அந்த அளவு என்பதையும் எழுத வேண்டும்: "5 மில்லியில் 125 மில்லிகிராம் என்று அச்சிட்ட பாட்டிலுக்கு மட்டும். வேறு பாட்டில் வாங்கினால் இந்தச் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிய சீட்டு கேட்கவும்."